டேப்லெட்டில் தமிழ் எழுத்தைப் பெரிதாக்குதலும் முகப்பை எளிமையாக்குதலும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

"டீச்சர், இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் டேப்லெட்டை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு வாசிக்கிறாள். எழுத்தைப் பெரிதாக்கினால் சொல் பாதியில் அறுந்து மூன்று புள்ளி வந்து நிற்கிறது. விரலை வைத்தால் செயலிகள் இடம் மாறிவிடுகின்றன. எதை, எப்படிச் சரிசெய்வது?"

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டத்திலிருந்து பிள்ளையை நம் பள்ளிக்கு அனுப்பும் ஒரு தாயார் எழுதிக் கேட்டது இது. இதே சிக்கலை வேறு பல வீடுகளிலும் நான் பார்த்திருப்பதால், அவருக்கு மட்டும் சொல்லாமல் முதலாம், இரண்டாம் ஆண்டுப் பெற்றோர் அனைவருக்குமாக எழுதுகிறேன்.

டேப்லெட்டின் அமைப்புகளைத் தொடுவதற்கு முன்னால், பிள்ளைக்கு எந்த அளவு எழுத்து தேவைப்படுகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். பெரியவர்களாகிய நாம் சொல்லின் முழு உருவத்தைப் பார்த்தே படித்துவிடுகிறோம். ஒரு சுழியோ புள்ளியோ மங்கலாக இருந்தாலும் பொருளைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. தமிழில் ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்றிவிடும் குறிகள் பல மிகச் சிறியவை. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு மேலே இருக்கும் ஒரு சிறு சுழிதான். எகரத்தை ஏகாரம் ஆக்குவது காலடியில் உள்ள ஒரு சிறு கோடு. இரண்டு சுழி னகரமும் மூன்று சுழி ணகரமும் சிறிய அளவில் ஒன்றுபோலவே தெரியும். அதனால் ஆங்கில எழுத்து வசதியாகத் தெரியும் அளவிலேயே தமிழ் எழுத்தும் வசதியாகத் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது.

இதைச் சோதிப்பதற்காக வகுப்பின் Google Classroom பக்கத்தில் பத்துச் சொற்களை எழுத்தாகவே பதிவிட்டிருக்கிறேன்: எடு, ஏடு, கொடு, கோடு, தென், தேன், மணம், மனம், கிரி, கீரி. டேப்லெட்டை மேசையில் சாய்த்து வைத்து, திரைக்கும் பிள்ளையின் கண்ணுக்கும் இடையில் 30 சென்டிமீட்டர் இருக்கும்படி அமர்த்துங்கள். பள்ளிப் பையில் உள்ள நீள அடிக்கோல் அதே அளவுதான். சொற்களை வரிசை மாற்றிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். கொடு என்பதைக் கோடு என்றோ, மணம் என்பதை மனம் என்றோ வாசித்தால் உடனே திருத்தாமல் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அதே சொற்களை ஒரு தாளில், பாடநூலில் உள்ள எழுத்தின் அளவுக்கே எழுதி, அதே தூரத்தில் வாசிக்கச் சொல்லுங்கள்.

இந்த இரண்டாவது வாசிப்பைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், ஏனெனில் குறை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுவது அதுதான். தாளில் சரியாகவும் திரையில் தவறாகவும் வாசித்தால் திரை எழுத்து சிறியதாக இருக்கிறது என்று பொருள். இந்தக் கடிதம் அதற்கு உதவும். தாளைக் கண்ணருகில் கொண்டுபோனால் சரியாகவும் 30 சென்டிமீட்டரில் தவறாகவும் வாசித்தால், டேப்லெட்டில் எதையும் மாற்றாமல் முதலில் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த நிலையில் திரை எழுத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தால் வீட்டில் குறை தெரியாமல் மறைந்துவிடும், வகுப்பில் பிள்ளை வெண்பலகையைப் பார்க்க முடியாமல் தவிக்கும். தாளில் எந்தத் தூரத்திலும் தவறு வந்தால் அந்த எழுத்துகள் இன்னும் மனத்தில் பதியவில்லை என்றே கொள்ளலாம்; எந்தச் சொற்கள் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள், வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுகிறேன்.

இனி அமைப்புகளுக்கு வருவோம். நம் பெற்றோர் பலரிடம் இருப்பது சாம்சங் டேப்லெட் என்பதால் அதில் காணும் பெயர்களையே தருகிறேன். மற்ற ஆண்டிராய்டு டேப்லெட்டுகளில் பெயர்கள் சற்று மாறினாலும் கீழே சொல்லும் இரண்டு அமைப்புகளும் இருக்கும். டேப்லெட் மலாய் மொழியில் இருந்தால் Settings என்பதற்குப் பதிலாக Tetapan என்றும், Display என்பதற்குப் பதிலாக Paparan என்றும் காண்பீர்கள்.

Settings திறந்து Display என்பதற்குள் சென்றால் Font size and style என்று ஒன்றும், Screen zoom என்று ஒன்றும் இருக்கும். இரண்டும் எழுத்தைப் பெரிதாக்குவதால் ஒன்றே என்று தோன்றும். ஆனால் இரண்டின் வேலையும் வேறு. Font size எழுத்தை மட்டும் பெரிதாக்கும். அந்த எழுத்து அமர்ந்திருக்கும் பொத்தானையும் பெட்டியையும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, "சமர்ப்பிக்கவும்" போன்ற ஒரு சொல் பொத்தானுக்குள் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டுதான் இருக்கிறது. எழுத்து மட்டும் பெரிதானால் அது வெளியே பிதுங்க வேண்டும், இல்லையேல் அறுபட வேண்டும். செயலி அதை அறுத்துவிட்டு மூன்று புள்ளிகளை வைக்கிறது. Screen zoom அப்படியன்று. எழுத்து, பொத்தான், பெட்டி, இடைவெளி ஆகிய அனைத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். அதற்கு ஈடாக ஒரு நேரத்தில் திரையில் தெரியும் பொருள்களின் எண்ணிக்கை குறையும். சிறு பிள்ளைக்கு அந்தக் குறைவு நன்மையே, ஏனென்றால் விரலால் தொட வேண்டிய இடமும் பெரிதாகிறது.

ஆகவே முதலில் Screen zoom கோட்டில் ஒரு படி மேலே நகர்த்திவிட்டு, பத்துச் சொற்களை மீண்டும் வாசிக்கச் சொல்லுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு படி. அதன் பின்னும் குறை இருந்தால் மட்டுமே Font size பக்கம் போய் அங்கும் ஒவ்வொரு படியாக உயர்த்துங்கள். ஒரேயடியாகக் கடைசிப் படிக்குத் தள்ளிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அளவு மீறிவிட்டதை எப்படி அறிவது என்றால், டேப்லெட்டைக் கிடைமட்டமாக வைத்து ஒரு பத்தியைத் திறந்து, ஒரு வரியில் எத்தனை சொற்கள் நிற்கின்றன என்று எண்ணுங்கள். நான்கைந்து சொற்கள் நின்றால் சரி. இரண்டு சொற்களுக்கு ஒருமுறை வரி முடிந்தால் பிள்ளை வாக்கியத்தின் தொடக்கத்தை மறந்துவிடும், எழுத்து தெளிவாகத் தெரிந்தும் பொருள் விளங்காது. அப்போது ஒரு படி இறங்க வேண்டும்.

அதே பக்கத்தில் Bold font என்று ஒரு பொத்தானைக் காண்பீர்கள். தடித்த எழுத்து பிள்ளைக்கு நல்லது என்று பலர் அதை இயக்கிவிடுகிறார்கள். தமிழைப் பொறுத்தவரை நான் அதை வேண்டாம் என்பேன். கோடு தடிக்கும்போது ணகரத்தின் சுழிகளுக்குள் உள்ள வெள்ளை இடம் அடைபட்டு, எந்த வேறுபாட்டைத் தெளிவாக்க முயல்கிறோமோ அதுவே கலங்கிவிடுகிறது. எழுத்து வகையையும் Default என்பதிலேயே விட்டுவிடுங்கள். பதிவிறக்கிக்கொள்ளும் அலங்கார எழுத்துருக்களில் பெரும்பாலும் தமிழ் இருப்பதில்லை. ஆங்கிலம் மட்டும் மாறும், தமிழ் பழையபடியே வேறு எழுத்துருவில் நிற்கும், பக்கம் ஒட்டுப்போட்டதுபோல் ஆகிவிடும்.

மேலே குறிப்பிட்ட தாயாரின் டேப்லெட்டை நான் அளந்து பார்த்ததையும் சொல்கிறேன். 8.7 அங்குலத் திரை. மகளின் பாடநூலில் ககரத்தின் உயரம் அடிக்கோலில் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தது. திரையில் அதே எழுத்து ஒன்றரை மில்லிமீட்டர்தான். தாளில் பத்துச் சொற்களையும் பிழையின்றி வாசித்த பிள்ளை, திரையில் நான்கைத் தவறாக வாசித்தாள். அந்த நான்கும் கொம்பும் சுழியும் உள்ளவை. Font size முன்பே கடைசிப் படியில் இருந்ததால் சொற்கள் அறுபட்டிருந்தன, அதனால் வீட்டார் வெறுத்துப்போய் அதைத் திரும்பக் குறைத்திருக்கிறார்கள். Screen zoom இரண்டு படி, Font size இரண்டு படி என்று உயர்த்தியதும் ககரம் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டருக்கு வந்தது. பாடநூலின் அளவை அது எட்டவில்லை. ஆயினும் 30 சென்டிமீட்டரில் பத்துச் சொற்களும் சரியாக வந்தன, எந்தப் பொத்தானிலும் மூன்று புள்ளி இல்லை, ஆகவே அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

ஆனால் மறுநாளே அந்தத் தாயார், வீட்டுப்பாடத் தாள் மட்டும் பழையபடியே பொடியாக இருக்கிறது என்று எழுதினார். இது அவருடைய பிழையன்று. பிடிஎஃப் கோப்பாகவோ படமாகவோ வரும் பயிற்சித் தாள் இந்த இரண்டு அமைப்புகளுக்கும் கட்டுப்படாது. அதிலுள்ள எழுத்து தாளோடு சேர்ந்து உறைந்துவிட்டது. தாள் எவ்வளவு சுருங்குகிறதோ எழுத்தும் அவ்வளவு சுருங்கும். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். அந்த 8.7 அங்குலத் திரையைச் செங்குத்தாகப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 113 மில்லிமீட்டர்தான். தாள் பாதிக்குச் சற்று மேலான அளவுக்குச் சுருங்குவதால், 14 புள்ளி அளவில் தட்டச்சு செய்த எழுத்து 7.5 புள்ளி அளவில் தெரிகிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளின் எழுத்துக்கு நிகர் அது. அதே டேப்லெட்டைக் கிடைமட்டமாகத் திருப்பினால் அகலம் ஏறத்தாழ 190 மில்லிமீட்டர், எழுத்து 12 புள்ளிக்கு மேல் வந்துவிடும். எனவே பயிற்சித் தாளைத் திறக்கும்போதெல்லாம் டேப்லெட் கிடைமட்டமாகவே இருக்கட்டும். Auto rotate அணைந்திருந்தால் திரையின் மேலிருந்து கீழே இழுத்து அதை இயக்கிக்கொள்ளலாம்.

இரண்டு விரலை அகட்டிப் பெரிதாக்கலாமே என்று கேட்பீர்கள். பெரியவர்களுக்கு அது போதும். பிள்ளைக்கு அது புதிய சிக்கலைத் தருகிறது: வரியின் வலப்பாதி திரைக்கு வெளியே போய்விடுவதால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டியிருக்கிறது, திரும்பி வரும்போது அடுத்த வரி எது என்று தெரியாமல் அதே வரியையே மறுபடியும் வாசிக்கிறது. இந்தக் குறையில் பெரும்பங்கு எங்களுடையது என்பதால் பள்ளித் தரப்பில் ஒரு மாற்றம் செய்கிறேன். அடுத்த வாரம் முதல் முதலாம், இரண்டாம் ஆண்டுத் தாள்களை ஏ5 அளவில், 18 புள்ளி எழுத்தில் தயாரிக்கிறேன். ஏ5 தாளின் அகலம் 148 மில்லிமீட்டர் என்பதால், கிடைமட்டத் திரையில் அது சுருங்காமல் விரியும். எழுத்து 23 புள்ளி அளவுக்குத் தெரியும். பக்கங்களின் எண்ணிக்கை கூடும், அவ்வளவே. குறுகிய வினாக்களைத் தாளாக அனுப்பாமல் எழுத்தாகவே பதிவிடுவேன். அவை உங்கள் அமைப்புக்கு ஏற்பப் பெரிதாகும். நீங்களும் தாளைப் புகைப்படம் எடுத்துப் பிள்ளைக்குக் காட்டுவதாக இருந்தால், முழுத்தாளை ஒரே படமாக எடுக்காமல் மேல்பாதி, கீழ்ப்பாதி என இரண்டாக எடுங்கள்.

வாசிப்பதோடு தொடர்புடைய இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் சொல்லின் கீழ் விரல் வைத்தே வாசிப்பார்கள்; நாமே அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். தாளில் நல்ல பழக்கமாகிய அது திரையில் பக்கத்தை நகர்த்துகிறது, அழுத்தி வைத்தால் ஏதாவது ஒரு பட்டியலைத் திறக்கிறது. விரலை எடு என்று அதட்ட வேண்டாம். கழுவி நன்றாகக் காயவைத்த ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைக் கொடுத்து அதை வரியின் கீழ் வைக்கச் சொல்லுங்கள். இந்தத் திரைகள் உடலின் மின்தன்மையைக் கொண்டே தொடுதலை உணர்கின்றன. காய்ந்த மரக்குச்சியை உணர்வதில்லை. குச்சி ஈரமாக இருந்தால் மட்டும் பக்கம் நகரலாம்.

செயலிகள் இடம் மாறுவதற்கும் இதே நீண்ட தொடுதல்தான் காரணம். ஒரு சின்னத்தைச் சற்று நேரம் அழுத்தினால் அதை நகர்த்த விரும்புகிறோம் என்று டேப்லெட் எடுத்துக்கொள்கிறது. பிள்ளையோ திரை திறக்கவில்லையே என்று விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. Settings, Accessibility, Interaction and dexterity என்ற வழியில் சென்று Touch and hold delay என்பதை Long என்று வையுங்கள். அதன் பிறகு தவறுதலான அழுத்தங்கள் வெகுவாகக் குறையும்.

முகப்புத் திரையை எளிமையாக்குவது அடுத்த வேலை. தேவையற்ற சின்னங்களை முகப்பிலிருந்து அகற்றி, ஒரே பக்கத்தில் நான்கு முதல் ஆறு வரை வைத்துக்கொள்ளுங்கள். சின்னத்தை அழுத்தும்போது Remove, Uninstall என்று இரண்டு வரும். Remove சின்னத்தை முகப்பிலிருந்து மட்டும் எடுக்கும், Uninstall செயலியையே நீக்கிவிடும். இரண்டாவதைத் தொட்டுவிட்டு வங்கிச் செயலியைத் தேடிய வீடும் உண்டு. பிறகு வெற்றிடத்தில் விரலை அழுத்தி, வரும் Settings என்பதைத் தொட்டால் முகப்புக்கான அமைப்புகள் திறக்கும். அங்கே Add media page to Home screen என்பதை அணையுங்கள், முகப்புக்கு இடப்புறத்தில் செய்தியும் காணொளியுமாக வரும் பக்கம் அதோடு போய்விடும். Add new apps to Home screen என்பதையும் அணையுங்கள். Home screen grid என்பதில் உள்ளவற்றுள் மிகக் குறைந்த கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் அதனதன் இடத்தில் அமைந்த பிறகே Lock Home screen layout என்பதை இயக்குங்கள். முன்பே பூட்டிவிட்டால் உங்களாலும் நகர்த்த முடியாது.

அடுக்கும்போது ஒரு வேண்டுகோள்: ஒருமுறை வைத்த இடத்தை மாற்றாதீர்கள். இந்த வயதில் பிள்ளை செயலியின் பெயரை வாசித்துத் தேடுவதில்லை. மேல்வரிசையில் முதலாவது என்று இடத்தைக் கொண்டே நினைவில் வைத்திருக்கிறது. பின்னணிப் படத்தையும் ஒரே நிறமாக மாற்றுங்கள். குடும்பப் படத்தை வைக்க ஆசையிருக்கும், எனக்கும் புரிகிறது. அதைப் பூட்டுத் திரையில் வைக்கலாம். சட்டை, சேலை, தீபாவளிக் கோலம் என்று பல நிறங்கள் கலந்த படத்தின்மீது செயலியின் பெயர் வெள்ளை எழுத்தில் வரும்போது, எவ்வளவு பெரிதாக்கினாலும் அது தெரிவதில்லை.

அந்த வீட்டில் டேப்லெட்டைப் படிவம் ஒன்றில் படிக்கும் அண்ணனும் பயன்படுத்துகிறான். தங்கைக்காகப் பெரிதாக்கியதை அவன் மாலையில் குறைத்துவிடுவான், அவள் காலையில் மீண்டும் திரையை முகத்தருகே கொண்டுபோவாள். இப்படிப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளுக்காகவே Settings, Accounts and backup, Users என்ற இடத்தில் இன்னொரு பயனரைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. பிள்ளையின் பெயரில் ஒரு பயனரைச் சேர்த்து, அதற்குள் நுழைந்த பிறகு மேற்சொன்ன அளவுகளையும் முகப்பையும் அமையுங்கள். அண்ணனின் பக்கம் அவனுக்கு, தங்கையின் பக்கம் அவளுக்கு என்று தனித்தனியாக நிற்கும். இதற்குச் சேமிப்பிடம் ஓரளவு செலவாகும். டேப்லெட் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் பழைய காணொளிகளை நீக்கிவிட்டுச் செய்யுங்கள்.

வேலைக்குப் போகும்போது பாட்டியிடம் பிள்ளையை விட்டுச் செல்பவர்கள், ஒரே செயலிக்குள் நிறுத்திவைக்க வழியுண்டா என்று கேட்கிறார்கள். Settings பக்கத்தின் தேடல் பெட்டியில் Pin app என்று தட்டினால் அது கிடைக்கும். இயக்கும்போது Ask for PIN before unpinning என்பதையும் இயக்குங்கள். அதன்பின் அண்மையில் திறந்தவற்றின் பட்டியலில், செயலியின் சின்னத்தைத் தொட்டு Pin this app என்பதைத் தேர்ந்தெடுத்தால், விடுவிக்கும்வரை வேறு செயலிக்குப் போக முடியாது. இதற்கு ஓர் எல்லை உண்டு: நிறுத்திவைத்த செயலியிலிருந்து வேறு செயலியில் திறக்க வேண்டிய இணைப்பைத் தொட்டால் ஒன்றும் நடக்காமல் போகலாம். "டேப்லெட் கெட்டுவிட்டது" என்று பிள்ளை சொன்னால் முதலில் இதைப் பாருங்கள். இது கதை கேட்கவும் எழுத்துப் பயிற்சிக்கும் ஏற்றது, இணைப்புகள் நிறைந்த வீட்டுப்பாடத்துக்கு ஏற்றதன்று.

ஐபேட் வைத்திருக்கும் சில வீடுகளுக்கு: Settings, Accessibility, Display & Text Size, Larger Text என்ற வழியில் எழுத்தின் அளவும், Accessibility பக்கத்திலேயே Guided Access என்ற பெயரில் ஒரு செயலிக்குள் நிறுத்தும் வசதியும் உள்ளன. அதிலுள்ள தமிழ் எழுத்துரு நம் நாட்டவரான முத்து நெடுமாறன் வடிவமைத்தது.

எழுத்து வடிவில் படித்துச் செய்வது கடினமாக இருக்கும் பெற்றோர், டேப்லெட்டையும் பிள்ளையின் பாடநூலையும் எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை பள்ளி முடிந்ததும் கணினி அறைக்கு வரலாம். பிள்ளையும் உடன் இருக்க வேண்டும், ஏனெனில் அளவைத் தேர்ந்தெடுக்கப் போவது அதன் வாசிப்புதான். திரைப்பூட்டின் எண்ணை எனக்குச் சொல்லவோ எழுதி அனுப்பவோ வேண்டாம்; நீங்களே திறந்து கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியை